உள்ளேன் அம்மா: ஓய்வு பெறும் ஆசிரியைக்கு ஒரு பாட்டு

பள்ளிக்கூடங்களில் நடக்கும் பணி நிறைவு பாராட்டு விழாக்களுக்கு ஒரே மாதிரியான நிகழ்ச்சி நிரல்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, வரிசையாக வாழ்த்துரைகள், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல், நினைவுப் பரிசு, ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். அண்மைக் காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நின்று, தங்கள் ஆசிரியருக்கென்றே எழுதிய பாட்டொன்றைப் பாடுகிறார்கள். சரியாக அமைந்துவிட்டால் அந்த மூன்று நிமிடத்தைத்தான் ஊர் பல காலம் பேசிக்கொண்டிருக்கும். அமையாவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், யாருக்கும் ஒரு வரிகூட நினைவிருக்காது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குரல் வளத்தில் இல்லை. நன்றாகப் பாடத் தெரியாதவர்களே உருக்கமாகப் பாடிவிட முடியும். பாட்டில் என்ன சொல்கிறோம், எத்தனை சுரத்துக்குள் சொல்கிறோம், யார் பார்க்க நின்று சொல்கிறோம் என்பவைதான் பாட்டை ஆக்குவதும் கெடுப்பதும். இதைப் பொதுவாகப் பேசினால் புரியாது. ஆகவே ஒரு பாட்டையே இங்கே கட்டிப் பார்ப்போம்.

சாட்சி சொல்லும் உரிமை

ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்பது நம் மரபு. அப்படியானால் ஒரு நூலையும் அதை எழுதியவரையும் பற்றி நல்ல சொல் சொல்வது யார்? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்கு விடை சொல்கிறது. சிறப்புப்பாயிரம் சொல்லத் தகுந்தவர்கள் நான்கு பேர். நூல் செய்தவரின் ஆசிரியர், அவரோடு சேர்ந்து படித்தவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரையாசிரியர். இந்த நால்வரில் மாணவரும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரை அருகில் இருந்து பார்த்தவர் என்பதால் அவருக்கு அந்த உரிமை வருகிறது.

அந்த உரிமையை முழுதாகப் பயன்படுத்தியவர் உ.வே.சாமிநாதையர். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதினார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் எப்படிப் பாடம் சொன்னார், செய்யுளை மனத்திலேயே முடித்து எப்படிக் கடகடவென்று சொல்லி எழுதுவித்தார் என்பவையெல்லாம் கண்ணால் கண்டவர் சொல்லும் தெளிவோடு அதில் இருக்கின்றன. மாணவர் சொல்லும் புகழுக்கு மதிப்பு தருவது இந்தக் கண்ட சாட்சிதான்.

பணி நிறைவுப் பாட்டுக்கும் இதுவே அடிப்படை. ஆசிரியரை ஏணி, தோணி, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம் என்று பாடலாம். அவரை ஒருநாளும் பார்த்திராதவரும் அதைப் பாடலாம் என்பதுதான் அதிலுள்ள குறை. மேடையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் அது தெரியும். அவர் மரியாதைக்காகப் புன்னகைப்பார். "இது நான்தான்" என்று அவர் நிமிர்ந்து பார்க்கும் வரி ஒன்று வேண்டுமானால், அவர் செய்த ஒரு காரியம் அந்த வரியில் இருக்க வேண்டும்.

செய்திகளைச் சேர்ப்பது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு பெறும் வயது 2021 முதல் 60. கல்வியாண்டின் நடுவே அந்த வயதை எட்டுகிறவர்களுக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தருவதும் வழக்கம். ஆக, விழா எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. ஆறு வாரம் முன்னால் வேலையைத் தொடங்கினால் போதும். அதில் முதல் இரண்டு வாரத்தையும் செய்தி சேர்க்கவே கொடுத்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் "டீச்சரைப் பற்றி எழுதுங்கள்" என்று போட்டால் "அன்பானவர்", "கண்டிப்பானவர்", "தெய்வம்" என்று வந்து குவியும். அவற்றை வைத்துப் பாட்டு எழுத முடியாது. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். அவர் கையில் எப்போதும் என்ன இருக்கும்? நீங்கள் தப்புச் செய்தபோது சரியாக என்ன செய்தார்? மழை நாளிலோ, தேர்வு நாளிலோ, நீங்கள் பள்ளிக்கு வராத நாளிலோ என்ன நடந்தது? இப்படிக் கேட்டால் பெயரடைகள் போய்ப் பொருள்களும் செயல்களும் வரும். நேரில் போய்க் கேட்பதும், போனில் பேசுவதும் எழுதச் சொல்வதைவிட நல்லது. எழுத உட்கார்ந்ததும் பலருக்கு மேடைத் தமிழ் வந்துவிடுகிறது.

வந்த செய்திகளைச் சலிக்க எளிய வழி ஒன்று உண்டு. வேறு வேறு ஆண்டுகளில் படித்த இரண்டு பேராவது ஒன்றையே சொன்னால் அதைப் பாட்டில் சேர்க்கலாம். ஒருவருக்கு மட்டும் நடந்ததை அவரே வாழ்த்துரையில் சொல்லிக்கொள்ளட்டும். பாட்டு எல்லோர் வாயிலும் வரப்போகிறது. அதில் வருவது எல்லோருக்கும் உண்மையாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, வாய்க்கால் கரையோரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆசிரியை ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். செய்திகளைச் சேர்த்துச் சலித்ததில் நான்கு மிஞ்சியதாகக் கொள்வோம். பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' போட வைத்தார். சிலேட்டுக் குச்சி கொண்டுவராத பிள்ளைக்குத் தம் பையிலிருந்த குச்சியை ஒடித்துப் பாதி கொடுத்தார். கணக்குத் தப்பானால் பெருக்கல் குறி போட மாட்டார், ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார், எங்கே தப்பு என்று பிள்ளையே தேட வேண்டும். மழையில் வாய்க்கால் நிரம்பினால் எல்லோரையும் கைகோக்கச் சொல்லி வரப்பு வரை கொண்டுபோய் விடுவார். மூன்று நிமிடப் பாட்டுக்கு இந்த நான்கே போதும். ஐந்தாவதைச் சேர்த்தால் பாட்டு பட்டியலாகிவிடும்.

விட வேண்டியவையும் உண்டு. அடி வாங்கிய கதை வாழ்த்துரையில் சிரிப்பை வரவழைக்கலாம், பாட்டில் வந்தால் உறுத்தும். ஆசிரியையின் நோய், அவர் வீட்டுத் துக்கம், கணவரின் மறைவு இவையெல்லாம் கூடவே கூடாது. உள்ளன்போடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் கூட்டத்தின் முன்னால் அவரை அது நிலைகுலைய வைத்துவிடும். "உங்களைப் போல் இன்னொருவர் இல்லை" என்ற வரியும் வேண்டாம். பக்கத்து நாற்காலிகளில் அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சொல்லும் சீரும்

இந்தப் பாட்டுக்குப் பல்லவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் சொல்லுவார். பிள்ளை எழுந்து "உள்ளேன் அம்மா" என்பான். ஆசிரியையும் மாணவரும் நாள்தோறும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. நாற்பது வயதிலும் அவர்கள் அவருக்குச் சொல்லக்கூடிய பதில் அதுதான். பாட்டை இப்படி எழுதலாம்.

பல்லவி
பதிவேட்டில் எங்கள்பேர் படியுங்கள் அம்மா
பழையபடி சொல்வோமே உள்ளேன் அம்மா

சரணம் 1
கைபிடித்து எழுதவைத்த அகரம்தான் இன்றும்
கையொப்பம் இடும்போது கைக்குள்ளே நடக்கும்
பைக்குள்ளே குச்சியொன்று பாதியாக ஒடித்து
மறதியான எங்களுக்கு மறவாமல் தந்தீர்

சரணம் 2
தப்பாகப் போட்டாலும் தாளிலொரு புள்ளி
தவறெங்கே எனத்தேடத் தந்தீர்கள் நேரம்
வாய்க்காலில் நீரேறி வழிமறித்த மாலை
வரிசையாய்க் கைகோத்து வரப்பேற்றி விட்டீர்

சரணம் 3
ஏரோட்டும் ஒருவனுண்டு ஊசியிடும் ஒருத்தி
எவரெவரோ ஆனாலும் இன்றுவந்து நின்றோம்
கடைசிமணி ஒலித்ததும் வெயில்தாழப் போங்கள்
கைப்பையை நாங்களே சுமந்துவரு கின்றோம்

இதில் வருணனை எதுவும் இல்லை. 'அன்பு', 'தியாகம்', 'தெய்வம்' என்ற சொற்களும் இல்லை. நன்றி என்ற சொல்கூட இல்லை. அவர் செய்ததை அவரிடமே திருப்பிச் சொல்கிறோம், அவ்வளவுதான். நன்றியைக் கேட்பவரே உணர்ந்துகொள்வார்.

மூன்றாவது சரணத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். "நாங்கள் இப்போது என்ன ஆனோம்" என்று சொல்லத் தொடங்கியதும் கலெக்டர், டாக்டர், வெளிநாட்டு இன்ஜினியர் என்று பட்டியல் வளரும். உழவு பார்க்கிறவரும் கடை வைத்திருப்பவரும் அந்த வரிசையில் நின்று, தாங்கள் இல்லாத பாட்டைப் பாட வேண்டியிருக்கும். ஆகவேதான் ஏர் ஓட்டுகிறவரை முதலில் வைத்தோம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசைதான்.

வரிகளைக் கைத்தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர். பெரும்பாலான சீர்களுக்கு "தகிட தகிட" என்று ஆறு மாத்திரை. 'கைபிடித்து' என்பதில் கை இரண்டு, பி ஒன்று, டித் இரண்டு, து ஒன்று, ஆக ஆறு. வரிக் கடைசியில் வரும் 'அம்மா' நான்குதான். மீதி இரண்டில் எல்லோரும் மூச்செடுத்துக்கொள்ளலாம். மூச்செடுக்க இடமில்லாமல் வரியை நிரப்பிவிட்டால், பயிற்சி இல்லாதவர்கள் சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார்கள். 'கடைசி' ஒரு மூச்சிலும் 'மணி' அடுத்த மூச்சிலுமாகச் சிதறும். 'உள்ளேன்' என்ற சொல்லிலும் இரண்டு மாத்திரை குறைகிறது. அது வேண்டுமென்றே விட்டது. அந்த இடத்தில் குரல் நின்று நீளட்டும்.

எழுதியவர் தாமே பாடிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அவர் மனத்தில் மெட்டு ஓடிக்கொண்டிருப்பதால், பொருந்தாத சொல்லையும் இழுத்தோ குறுக்கியோ பாடிவிடுவார். தாளை வேறொருவரிடம் கொடுத்து, தாளம் தட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே திக்குகிறாரோ அங்கே சொல்லை மாற்ற வேண்டும். 'தலைமையாசிரியை', 'பணிநிறைவு' போன்ற நீண்ட சொற்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

மெட்டும் கட்டையும்

புகழ்பெற்ற திரைப்பாட்டு மெட்டில் எழுதிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, பயிற்சி குறைவாகப் போதும் என்பது உண்மைதான். ஆனால் கேட்பவர் காதில் பழைய சொற்களும் சேர்ந்தே ஒலிக்கும். காதல் பாட்டின் மெட்டில் ஆசிரியையைப் பாடும்போது அது சங்கடமாகிவிடும். விழா ஒளிப்பதிவை யூடியூபில் ஏற்றினால் உரிமைச் சிக்கலும் வரலாம். பொது மரபில் உள்ள மெட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாரதியார் கூட நாட்டுக் கொடியைப் பாடும்போது தாயுமானவரின் ஆனந்தக்களிப்பு மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார்.

புதிதாக மெட்டுப் போடுவதும் கடினமில்லை. இந்தப் பாட்டுக்கு மோகனம் நன்றாகப் பொருந்தும். அதில் ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். அடுத்தடுத்த எந்த இரண்டு சுரத்துக்கும் நடுவே அரைச் சுர இடைவெளி இல்லை. பயிற்சியில்லாத குரல் பிசகுவது பெரும்பாலும் அந்த அரைச் சுரங்களில்தான். அவை இல்லாதபோது கூட்டமாகப் பாடினாலும் பெரிதாக அபசுரம் தட்டாது. மோகனத்துக்கு ஒரு மலர்ச்சியும் உண்டு. முகாரியோ சிவரஞ்சனியோ எடுத்தால் பாட்டு ஒப்பாரிப் பக்கம் சாய்ந்துவிடும். போகிறவர் நலமாக, எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரை இழந்தது போல் பாடக் கூடாது.

ஒரு தகிடைக்கு ஒரு சுரம் என்று வைத்தால் வரிக்கு எட்டு சுரம். பல்லவியின் முதல் வரி 'ச ரி க க ப ப க' என்று ஏறிக் கடைசித் தட்டில் நின்றுகொள்ளட்டும். இரண்டாவது வரி 'ப த ப க ரி ரி ச' என்று இறங்கி வீடு சேரட்டும். 'உள்ளேன்' ரிஷபத்தில் நீண்டு, 'அம்மா' சட்ஜத்தில் அமரும். சரணங்கள் பஞ்சமத்தில் தொடங்கி இதே எல்லைக்குள் நடக்கலாம். மேல் சட்ஜத்துக்குப் போக வேண்டாம். உச்சத்தில் கத்துவது இந்தப் பாட்டின் இயல்பே இல்லை.

அடுத்தது சுருதி. விழா மேடைகளில் இதை யாரும் யோசிப்பதில்லை, பாட்டு கெடுவதோ பெரும்பாலும் இதனால்தான். கச்சேரிகளில் பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில். இரு தரப்பும் சேர்ந்து பாடும்போது ஒருவருக்கு ஏற்ற கட்டை இன்னொருவருக்குத் தொண்டையைப் பிய்க்கும். நம் பாட்டு சட்ஜத்திலிருந்து தைவதம் வரை மட்டும் போவதால் ஒரு வழி கிடைக்கிறது. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வையுங்கள். பெண்கள் அந்தச் சட்ஜத்திலிருந்து மேலே பாடட்டும், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். இரு தரப்பும் பேச்சுக் குரலுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். சொல் தெளிவாகக் கேட்கும். மென்மை என்பதும் இங்கிருந்துதான் வருகிறது. குரலை வலிந்து ஏற்றுகிறவரால் மென்மையாகப் பாட முடியாது.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு தகிடைக்கு ஒரு விநாடி. வரிக்கு எட்டு விநாடி. தொடக்கத்தில் பல்லவி இரண்டு முறை, ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் ஒரு முறை என்று பாடினால் மொத்தம் இருபத்திரண்டு வரி. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பழகும்போது

பழைய மாணவர்கள் ஒரே ஊரில் இருக்க மாட்டார்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பழகலாம் என்று தோன்றும். அது நடக்காது. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு இடையே ஒலி ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு தாமதித்தாலே தாளம் இழுபடத் தொடங்கும். இணைய அழைப்பில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. ஒருவருக்காக மற்றவர் காத்திருந்து காத்திருந்து பாட்டு நொண்டிவிடும்.

அதற்குப் பதில், பாடத் தெரிந்த ஒருவர் சுருதியோடும் தாளத்தோடும் பாட்டைப் பதிவு செய்து அனுப்பட்டும். மற்றவர்கள் காதில் அதைக் கேட்டபடி தனியாகப் பாடி, தங்கள் குரலை மட்டும் பதிவு செய்து திருப்பி அனுப்பட்டும். யார் எந்த வரியில் தடுக்குகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் பழகிவிட்டு, விழாவுக்கு முந்தின நாள் மாலை எல்லோரும் நேரில் கூடி ஒரு மணி நேரம் பாடினால் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தவறுகள் வெளிப்படும். ஒன்று, பாடப்பாடச் சுருதி இறங்கும். பாடும்போது யாருக்கும் அது தெரியாது. சுருதிப் பெட்டியை முதலில் ஒலிக்கவிட்டு நிறுத்திவிடுங்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி ஒலிக்கவிடுங்கள். கடைசி 'அம்மா'வும் பெட்டியின் சட்ஜமும் ஒன்றோடொன்று உரசினால் கூட்டம் கீழே வந்துவிட்டது என்று பொருள். விழாவில் பெட்டியை நிறுத்தாமல் ஒலிக்க விடுவதே இதற்கு மருந்து. இரண்டாவது, வேகம் ஓடும். கூச்சம் இருப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிடவே பார்ப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று நிமிடப் பாட்டு இரண்டேகால் நிமிடத்தில் முடிந்திருக்கும். பெரும்பாலும் மூச்செடுக்க விட்ட இரண்டு மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். ஒருவர் தொடையில் தாளம் தட்ட, மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துப் பாடினால் சரியாகிவிடும்.

விழா நாளில்

பாட்டுக்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி வைக்கலாம். பழைய மாணவி ஒருவர் கையில் தாளோடு முன்னே வந்து, வேறு வேறு ஆண்டுகளில் படித்த ஐந்து பேரின் பெயரைப் பதிவேட்டில் இருப்பது போலவே முதலெழுத்தோடு வாசிக்கட்டும். கூட்டத்தில் ஆங்காங்கே இருப்பவர்கள் எழுந்து "உள்ளேன் அம்மா" என்று சொல்லி முன்னே வரட்டும். ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்ததும் பல்லவி. இதில் ஒரு எச்சரிக்கை. அந்த ஐந்து பேரும் வந்திருக்கிறார்களா என்று காலையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. இறந்துபோன மாணவர் பெயர் தவறிப்போய்ப் பட்டியலில் இருந்துவிட்டால், ஆசிரியையால் அதற்குப் பின் பாட்டைக் கேட்கவே முடியாது.

பாடுகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் வழக்கம். இந்தப் பாட்டுக்கு அது பொருந்தாது. மேடையில் பக்கவாட்டில் அரைவட்டமாக, ஆசிரியையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பாட்டு அவருக்கானது. மற்றவர்கள் உடனிருந்து கேட்கிறார்கள். அரைவட்டத்துக்கு முன்னால் நான்கடி தள்ளி இரண்டு மைக் ஸ்டாண்டுகள் போதும். ஒரே மைக்கைக் கைமாற்றிப் பாடினால் ஒரு குரல் முழங்கும், அடுத்தது கேட்காது. ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பே ஒன்று சொல்லிவிடுங்கள்: எக்கோவை முழுதாகக் குறைத்துவிட வேண்டும். பந்தலில் எக்கோ வைத்தால் 'வாய்க்கால்', 'வரப்பு' எல்லாம் கரைந்து வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சொல் கேட்காவிட்டால் இந்தப் பாட்டில் வேறொன்றும் இல்லை.

அழுகை வரும். அதற்கும் ஏற்பாடு வேண்டும். அழுகை முட்டும்போது குரல்வளை தன்னையறியாமல் அகலத் திறந்துகொள்ள முயல்கிறது. விழுங்கவோ பாடவோ அதை மூட வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியில்தான் தொண்டை அடைக்கிறது. அடைத்த தொண்டையோடு போராடிப் பாடினால் குரல் உடையும். ஆகவே எந்த வரியையும் ஒருவர் தனியாகப் பாடும்படி வைக்கக் கூடாது. குறைந்தது மூவர் சேர்ந்து பாடட்டும். அடைத்தவர் சும்மா நிற்கட்டும், மற்ற இருவர் தொடரட்டும். அடுத்த பல்லவியில் அவர் வந்து சேர்ந்துகொள்வார். இதை முன்பே பேசி வைத்துக்கொண்டால் யாரும் பதற மாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலில் பாட்டை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஏற்புரைக்கு நேர் முன்னால் வைப்பதுதான் உச்சம் என்று எல்லோருக்கும் தோன்றும். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் ஆசிரியையால் பேச முடியாமல் போகும். அன்று அவர் சொல்ல வைத்திருந்ததைக் கூட்டம் இழந்துவிடும். பாட்டுக்கும் ஏற்புரைக்கும் நடுவே இரண்டு வாழ்த்துரையாவது இருக்கட்டும். அவர் கண்ணைத் துடைத்து, தண்ணீர் குடித்து, தம் நிலைக்கு வர அந்த நேரம் வேண்டும்.

வாழ்த்து மடலுக்குப் பதிலாகப் பாட்டின் சொற்களையே அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம். அடியில் பாடியவர்களின் பெயரும் அவர்கள் படித்த ஆண்டும் இருக்கட்டும். பட்டமும் பதவியும் வேண்டாம். பதிவேட்டில் இருந்தது வெறும் பெயர்தான்.

இவ்வளவும் செய்த பிறகு, பாட்டை அச்சுக்கு அனுப்பும் முன்பு கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். இதே பாட்டை அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் இன்னொரு ஆசிரியருக்கும் பாட முடியுமா? முடியும் என்றால் அது இன்னும் முடிந்த பாட்டு அல்ல. செய்தி சேர்த்த தாள்களை எடுத்து மறுபடி படிக்க வேண்டும். முடியாது, இதில் வரும் புள்ளியும் குச்சியும் வரப்பும் இவர் ஒருவருக்கே உரியவை என்றால், பாட்டு தயார். அடுத்த ஆசிரியருக்கு அவருடைய மாணவர்கள் வேறொன்று எழுதுவார்கள். அவருக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.